பாட்டிலைத் திறக்கும் முன்பே கண்ணாடி

பருத்திக்கு மருந்தடிக்கப் போகிறவரிடம் கண்ணாடியை எப்போது போடுவீர்கள் என்று கேட்டால், டேங்க்கை முதுகில் மாட்டிய பிறகு என்பார். கண்ணாடி வைத்திருப்பவரின் பதில் அது. ஆனால் கண்ணுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து, அவர் வரப்பில் உட்கார்ந்து மருந்து கலக்கும்போதே வந்து போயிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 2 மில்லி என்றால் 16 லிட்டர் டேங்க்குக்கு 32 மில்லி மருந்து போதும். அப்படியானால் பாட்டிலில் இருக்கும் ஒரு சொட்டு, தெளிப்பு நீரின் ஒரு சொட்டைவிடச் சுமார் 500 மடங்கு வீரியமுள்ளது. அதோடு, மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய் போன்ற திரவமும் கருவிழியைப் புண்ணாக்கக்கூடியது.

வழக்கமாக நடப்பதை நினைத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டு, உள்ளேயிருக்கும் அலுமினியத் தாளை ஒருவர் குச்சியால் குத்துகிறார். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறியிருப்பதால் மருந்து பீய்ச்சி, குனிந்திருக்கும் முகத்தில் அடிக்கிறது. இன்னொரு இடம் நாசில். அது அடைத்துக்கொண்டதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேரே பிடித்துக் கழற்றுகிறார்கள். மோட்டார் நின்றாலும் குழாய்க்குள் அழுத்தம் நிற்கிறது. நாசிலைத் தரையைப் பார்த்துப் பிடித்து, விசையை அழுத்தி அதை வெளியேற்றிய பிறகே கழற்ற வேண்டும். வாயால் ஊதுவது வேண்டவே வேண்டாம்.

கூலிங் கிளாஸும் பார்வைக் கண்ணாடியும் இதற்கு உதவாது. பக்கவாட்டிலும் மேலிருந்தும் துளி நுழைந்துவிடும். கண்ணைச் சுற்றித் தோலோடு ஒட்டி உட்காரும் மூடிய கண்ணாடிதான் தேவை. அதிலும் காற்றுத்துளை நேராகத் திறந்திருக்காமல் மறைவாக வளைந்து போவதாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை சில நூறு ரூபாய். வாங்கியவர்களும் கழற்றி வரப்பில் வைப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: வியர்வையில் ஆவி படிந்து வழி தெரியாமல் போகிறது. உள்பக்கம் ஒரு சொட்டு ஷாம்பைத் தேய்த்து மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் ஓரளவு தாங்கும். அப்படியும் மங்கினால், மருந்தடித்த இடத்தைவிட்டு விலகி வந்து, கையைக் கழுவிய பிறகே கழற்ற வேண்டும். மருந்து படிந்த கையுறையோடு கண்ணாடியைத் தூக்கினால், கண்ணாடி தடுத்த மருந்தைக் கையே கண்ணுக்குக் கொண்டுபோகும்.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பார்வை பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களும் உண்டு. அந்த ஆண்டு பருத்திச்செடி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது. செடி தலைக்கு மேல் போனால் மருந்தை மேல்நோக்கி அடிக்க வேண்டும், அது திரும்ப முகத்தில்தான் இறங்கும். அத்தகைய வயலில் கண்ணாடியைக் கடைசி வரிசைவரை கழற்ற முடியாது.

தெறித்துவிட்டால் முதல் வேலை தண்ணீர். அந்த நிமிடமே தொடங்கி 15 முதல் 20 நிமிடம்வரை நிறுத்தாமல் கழுவ வேண்டும். ஒரு குடிநீர் பாட்டில் சீக்கிரமே தீர்ந்துவிடும்; இதற்குக் குறைந்தது 20 லிட்டராவது வேண்டும். அதனால் மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே வரப்பில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். மருந்து கலக்கிய வாளியையோ சொம்பையோ அதில் விடக் கூடாது. பம்புசெட் பக்கத்தில் இருந்தாலும் அதன் வேகத்தில் கண்ணைக் காட்டாமல், பாத்திரத்தில் பிடித்து ஊற்றுங்கள்.

பட்ட கண் கீழே வரும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடவேண்டும். அப்போதுதான் நல்ல கண்ணுக்கு மருந்து போகாது. எரிச்சலில் இமை தானாக இறுகிக்கொள்ளும். கூட இருப்பவர் கையைக் கழுவிக்கொண்டு, இமைகளை விரலால் பிரித்துப் பிடித்தால்தான் உள்ளே தண்ணீர் சேரும். கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் கிடக்கும் பழைய சொட்டுமருந்து எதையும் விட வேண்டாம். முகத்தைத் துடைக்கத் தோளில் கிடக்கும் துண்டையும் எடுக்காதீர்கள், அதிலும் மருந்து இருக்கும்.

கழுவியதும் எரிச்சல் அடங்கினாலும் கண் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். மருந்து பாட்டிலை மூடி, பாலிதீன் பையில் கட்டி எடுத்துப் போங்கள்; மருத்துவருக்கு லேபிளில் உள்ள பெயர் தேவை. கண்மணி குண்டூசி முனைபோலச் சுருங்கி, வாயில் நீர் ஊறி, வியர்த்து, வாந்தியும் வந்தால் விஷம் உடம்புக்குள் போயிருக்கிறது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

லேபிளில் இருக்கும் நிற முக்கோணத்தைப் பார்த்து, சிவப்பு இல்லையே என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. அந்த நிறம், மருந்து வாய்வழியாகவும் தோல்வழியாகவும் போனால் எவ்வளவு விஷம் என்பதை வைத்துப் பிரிக்கப்பட்டது. கண்ணைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பாராகுவாட் களைக்கொல்லி மஞ்சள் முக்கோணத்தில்தான் வருகிறது. அது கண்ணில் பட்டால் முதலில் லேசாகத்தான் உறுத்தும். கழுவிவிட்டுத் தூங்கப் போனவருக்கு மறுநாள்தான் வலி ஏறி, கருவிழியின் மேல்தோல் உரியத் தொடங்கும்.