60 ஸ்லைடு, 5 நாள்

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே 60 ஸ்லைடுகளையும் ஓட்டிக்காட்டினால், மாலையில் பாதிகூட நினைவில் நிற்காது. ஒவ்வொரு ஸ்லைடின் மேலும் ‘இது அவருக்கு எந்த நாளில் தேவை?’ என்று குறித்துப் பாருங்கள்.

திங்களன்று லாகின், அடையாள அட்டை, பி.எஃப். படிவம் 11. பழைய யூ.ஏ.என். எண்ணைக் கொண்டுவர முந்தைய வாரமே சொல்லிவிட வேண்டும். லாகின் தாமதமானால் செவ்வாய்க்கிழமை மென்பொருள் பயிற்சி அப்படியே நின்றுவிடும். எனவே அதற்கான கோரிக்கையும் முன்கூட்டியே போக வேண்டும். புதனன்று விடுப்பு விதிகள்: வாசித்துக் காட்டாமல், ஒரு மாதிரி விண்ணப்பத்தை அவரையே நிரப்பச் சொல்லுங்கள். வியாழன் முழுக்க ஒரே ஒரு சின்ன உண்மையான வேலை. வெள்ளியன்று மேலாளருடன் அரைமணிப் பேச்சு. நிறுவன வரலாறு மின்னஞ்சலில் போகட்டும்.

திங்களன்று விளக்கியதையே வியாழனன்று அவர் மறுபடி கேட்டால், அந்த ஸ்லைடை வியாழனுக்கு மாற்றுங்கள்.