படத்தில் மறைத்தது பைலில் மறைந்ததா?

வங்கிக் கணக்கின் வரவு செலவுப் பட்டியல் திரையில் இருக்கிறது. அதை எக்செல் ஷீட்டாக மாற்ற வேண்டும். உட்கார்ந்து டைப் செய்யப் பொறுமை இல்லை. இணையத்தில் தேடினால், படத்தைக் கொடுத்தால் அதில் உள்ள எழுத்துகளைப் படித்து அட்டவணையாகத் தரும் தளங்கள் நிறையக் கிடைக்கின்றன. பெரும்பாலும் இலவசம் தான். ஒரு ஸ்கிரீன் ஷாட் எடுத்து அப்லோட் பட்டனில் கிளிக் செய்தால் வேலை முடிந்தது.

அப்லோட் செய்யப்படும் படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு, உங்களுக்குத் தெரியாத ஒருவருடைய சர்வருக்குப் போகிறது. "ஒரு மணி நேரத்தில் அழித்து விடுவோம்" என்று தளத்தில் போட்டிருப்பார்கள். அழித்தார்களா என்று நாம் போய்ப் பார்க்க முடியாது. எனவே மறைக்க வேண்டியதை எல்லாம் அனுப்பும் முன்பே மறைத்து விட வேண்டும். பலரும் மறைக்கவும் செய்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது வேறு, பைலில் இருந்து எடுத்து விடுவது வேறு.

என் பெரியப்பா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கப் பொருளாளர். புதிதாக லேப்டாப் வாங்கியிருக்கிறார். அவருடைய வங்கி, கணக்குப் பட்டியலை பிடிஎப் பைலாக மட்டுமே தருகிறது. சென்ற மாதம் போன் செய்து, "தம்பி, நம்ம கணக்கு நம்பரை மட்டும் கறுப்பு பேனாவால அடிச்சுட்டேன். இனி அனுப்பலாம்ல?" என்று கேட்டார். "கொஞ்சம் இருங்க பெரியப்பா, முதல்ல எனக்கு அனுப்புங்க" என்றேன்.

வந்த படத்தில் சங்கத்தின் கணக்கு எண் இருந்த இடம் கறுப்பாகத் தான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே ஒவ்வொரு வரியிலும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தியவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. யூபிஐ மூலம் பணம் வந்தால் விவரம் என்ற பத்தியில் இது போன்ற வரி பதிவாகும். கீழே இருப்பது மாதிரிக்காக நான் எழுதியது. வங்கிக்கு வங்கி வடிவம் சற்று மாறும்.

```
UPI/CR/412345678901/MURUGAN S/ABCD/murugan.s12/FLAT 3B
```

இதில் 12 இலக்க எண் அந்தப் பரிவர்த்தனையின் குறிப்பு எண். அடுத்து பணம் அனுப்பியவரின் பெயர், அவருடைய வங்கியின் சுருக்கக் குறியீடு, யூபிஐ முகவரியின் பகுதி, கடைசியாக அவரே எழுதிய குறிப்பு. பலருடைய யூபிஐ முகவரி அவர்களின் மொபைல் எண்ணாகவே இருக்கும். அதே வரியில் தேதியும் தொகையும் இருக்கின்றன.

கணக்கு எண் தெரிந்ததால் மட்டும் யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது. அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் ஒருவர் போன் செய்து, "நீங்கள் 5ஆம் தேதி 3பி வீட்டுக்காக அனுப்பிய 2,500 ரூபாய் சங்கத்துக்குப் போய்ச் சேரவில்லை, குறிப்பு எண் இது தானே?" என்று கேட்டால் அவரை வங்கி ஊழியர் என்று தான் முருகன் நினைப்பார். அடுத்து கேட்கப்படும் ஓடிபியையும் சொல்லி விடலாம். அதனால் நம் எண்ணை மறைத்தால் போதாது. மற்றவர்களின் பெயர்களையும் மறைக்க வேண்டும்.

இனி வழிமுறைக்கு வருவோம். முதலில் தேவையான பகுதியை மட்டும் படமாக எடுங்கள். முழுத் திரையையும் எடுத்தால் பிரவுசரின் டேப், டாஸ்க் பார், மூலையில் எட்டிப் பார்க்கும் மெயில் அறிவிப்பு எல்லாம் சேர்ந்து வரும். சில வங்கிகள் தரும் பிடிஎப் பைலின் பெயரிலேயே கணக்கு எண் இருக்கும். பட்டியலில் வங்கியே எண்ணை XXXXXXX4521 என்று மறைத்துக் காட்டினாலும், மேலே டேப்பில் முழு எண்ணும் தெரியும். Win + Shift + S கீகளை ஒன்றாக அழுத்தினால் திரை மங்கலாகும். மவுஸால் இழுத்து அட்டவணையை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து பெயின்ட் புரோகிராமைத் திறந்து Ctrl + V அழுத்தி படத்தை ஒட்டுங்கள். Color 1, Color 2 இரண்டிற்கும் கறுப்பு வண்ணத்தைக் கொடுங்கள். செவ்வக வடிவத்தைத் தேர்வு செய்து, அதன் நிரப்பும் மெனுவில் Solid color என்பதைக் கிளிக் செய்திடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வெறும் கட்டம் தான் வரும், உள்ளே எழுத்து அப்படியே இருக்கும். இப்போது விவரம், குறிப்பு எண் என்ற இரு பத்திகளின் மேலும் ஒரே செவ்வகத்தை மேலிருந்து கீழ் வரை இழுத்து விடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அதன் நீளத்திற்கேற்ப தனித்தனிக் கட்டம் போட வேண்டாம். எங்காவது ஒன்று விட்டுப் போகும், பெயரின் நீளமும் தெரிந்து விடும்.

எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் எந்தத் தொகை யாருடையது என்று எப்படித் தெரியும்? பெரியப்பாவும் இதையே கேட்டார். கறுப்புப் பட்டையின் மேல் டெக்ஸ்ட் டூலால் வெள்ளை எழுத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போடச் சொன்னேன். எக்செல் பைல் வந்த பிறகு அவருடைய ஒரிஜினல் பட்டியலைப் பார்த்து பெயர்களை அவரே சேர்த்துக் கொண்டார்.

பிறகு File மெனுவில் Save as சென்று பிஎன்ஜி வகையில் புதிய பெயர் கொடுத்து சேமியுங்கள். இப்படிச் சேமித்த படத்தில் செவ்வகத்தின் அடியில் எண் ஒளிந்திருக்காது. அந்தப் புள்ளிகளின் வண்ணமே கறுப்பாக மாற்றி எழுதப்பட்டுவிடும். வேர்ட் பைலில் படத்தை வைத்து அதன் மேல் கட்டம் போட்டால் அப்படி இல்லை. கட்டத்தை நகர்த்தினால் எண் அடியில் அப்படியே இருக்கும்.

பெரியப்பா பயன்படுத்தியது ஹைலைட்டர் பேனா. அது வண்ணத்தை மேலே பூசுமே தவிர முழுவதுமாக மூடாது. நான்கைந்து முறை தேய்த்தால் கறுப்பாகத் தெரியும். ஆனால் எண் இருந்த புள்ளிகளுக்கும் மற்ற புள்ளிகளுக்கும் இடையே சிறு வேறுபாடு மிஞ்சியிருக்கும். படத்தின் பிரைட்னஸை உயர்த்தினால் எண்கள் மேலே வந்து விடும். நான் உயர்த்திப் பார்த்தேன், பதினொரு இலக்கங்களும் தெரிந்தன.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சேமித்த பிஎன்ஜி படத்தை பெயின்டில் திறந்து, வண்ணம் கொட்டும் வாளியை எடுத்து, சிவப்பு வண்ணத்தால் கறுப்புப் பட்டையின் வரிசை எண் இல்லாத இடத்தில் ஒரு கிளிக் செய்யுங்கள். உங்கள் பெயின்டில் வாளிக்கு டாலரன்ஸ் என்ற ஸ்லைடர் இருந்தால் அதை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். நீங்கள் போட்ட வரிசை எண்களைத் தவிர பட்டை முழுவதும் சிவப்பாக மாறினால் சரியாக மூடியிருக்கிறீர்கள். அங்கங்கே வேறு கறுப்புத் துணுக்குகள் எண்ணின் வடிவில் நின்றால் மூடவில்லை. பார்த்தபின் சேமிக்காமல் மூடிவிடுங்கள். ஜேபிஜி படத்தில் இந்தச் சோதனை சரிவராது, ஓரங்களில் எப்போதும் கொஞ்சம் கசடு இருக்கும்.

எண்ணைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கும் மொசைக் வசதி பார்க்க அழகாக இருக்கும். எண்களுக்கு அது ஏற்றதல்ல. 11 இலக்கக் கணக்கு எண்ணைக் குருட்டாம்போக்கில் ஊகிக்க 10,000 கோடி வாய்ப்புகள் இருக்கின்றன. ஆனால் மொசைக்கை உடைப்பவர் முழு எண்ணையும் ஊகிக்க வேண்டியதில்லை. வங்கிப் பட்டியலின் எழுத்துரு எல்லோருக்கும் ஒன்று தான். 0 முதல் 9 வரை அதே எழுத்துருவில் எழுதி, அதே மொசைக்கைப் போட்டு, முதல் இலக்கத்தின் மங்கலோடு எது பொருந்துகிறது என்று பார்ப்பார். பிறகு இரண்டாவது இலக்கம். இலக்கத்திற்குப் பத்து முயற்சி என்றால் மொத்தம் 110 தான். பக்கத்து இலக்கங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தால் வேலை கூடும், ஆனாலும் கம்ப்யூட்டருக்கு அது பெரிய வேலை இல்லை. இது போன்ற ஒப்பீட்டைச் செய்யும் டெபிக்ஸ் என்ற புரோகிராம் 2020ஆம் ஆண்டின் கடைசியில் இலவசமாகவே வெளியானது. எல்லா மங்கலையும் அது உடைத்துவிடாது. ஆனால் நாம் போட்ட மங்கல் எந்த வகை என்று கவலைப்படுவதை விட ஒரு கறுப்புப் பட்டை போடுவது சுலபம்.

வெட்டி எடுப்பதிலும் ஒரு முறை விபரீதம் நடந்தது. கூகுள் பிக்சல் போன்களின் மார்க்அப் வசதியிலும், விண்டோஸ் 11ன் ஸ்னிப்பிங் டூலிலும் ஒரு குறை இருப்பது 2023 மார்ச்சில் வெளியானது. படத்தை வெட்டி அதே பைலின் மேல் சேமித்தால், புதிய சிறிய படம் பைலின் முற்பகுதியில் எழுதப்படும். பழைய படத்தின் பிற்பகுதி அழியாமல் அப்படியே நிற்கும். பத்துப் பக்கக் கதையின் மேல் இரண்டு பக்கக் கதையை எழுதி, அதன் கீழே முற்றும் என்று போட்டது போல. படம் காட்டும் புரோகிராம் முற்றும் என்பதைப் பார்த்ததும் நின்றுவிடும். மீதி எட்டுப் பக்கம் பைலிலேயே கிடக்கும், தெரிந்தவர்கள் எடுத்துப் பார்க்கலாம்.

இந்தக் குறை அந்த மாதமே சரி செய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன் வெட்டிச் சேமித்த பழைய படங்கள் தாமாகச் சரியாகாது. அவற்றில் ஒன்றை இன்று அப்லோட் செய்வதாக இருந்தால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து Properties சென்று பைல் அளவைப் பாருங்கள். கையகலப் படம், முழுத் திரைப் படத்தின் அளவுக்கு இருந்தால் சந்தேகம் தான். அதை பெயின்டில் திறந்து, முழுவதையும் காப்பி செய்து, புதிய படத்தில் ஒட்டி, வேறு பெயரில் சேமித்து அதைப் பயன்படுத்துங்கள்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ஆன்லைன் தளத்திற்கே போகாமல் பார்த்துக் கொள்ளவும் முடியும். ஸ்னிப்பிங் டூலில் Text actions என்ற பட்டன், படத்தில் உள்ள எழுத்துகளை உங்கள் கம்ப்யூட்டரிலேயே படித்து காப்பி செய்ய உதவும். அங்கேயே Quick redact என்ற வசதியும் உள்ளது. அது இமெயில் முகவரிகளையும் போன் எண்களையும் தான் தேடி மறைக்கும். பெயர்களையும் கணக்கு எண்ணையும் அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் செய்த பிறகும் கடைசி அடியில் தவறு நேரலாம். விண்டோஸ் 11ல் ஸ்னிப்பிங் டூல், நீங்கள் எடுக்கும் படத்தைத் தானாகவே Pictures போல்டருக்குள் Screenshots என்ற போல்டரில் சேமித்து வைக்கும். அதாவது மறைக்காத ஒரிஜினல் அங்கே இருக்கிறது. அப்லோட் பட்டனை அழுத்தியதும் திறக்கும் விண்டோவில் இரண்டும் தபால் தலை அளவில் ஒன்று போலவே தெரியும். பெரியப்பாவிடம் மறைத்த படங்களை டெஸ்க்டாப்பில் "அனுப்ப" என்ற தனி போல்டரில் மட்டும் போட்டு, அங்கிருந்து மட்டுமே அப்லோட் செய்யச் சொன்னேன். வேலை முடிந்ததும் Screenshots போல்டரில் உள்ள ஒரிஜினலை Shift + Delete அழுத்தி நீக்கிவிட்டார். வெறும் Delete என்றால் அது ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும்.