அட்டைக்கு ஒரு கேள்வி!

என் மச்சினன் குரூப் டூ பரீட்சைக்கு மூணாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறான். கோச்சிங் கிளாஸில் கொடுத்த 62 ஸ்லைடுகளை அப்படியே 62 அட்டைகளில் காப்பியடித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான்.

ஒரு அட்டையை உருவினேன். "ரௌலட் சட்டம்?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஏழு வரியும் ஒப்பித்தான்.

"சரி, 1919 ஏப்ரல் 10-ம் தேதி அமிர்தசரஸ் மக்கள் ஏன் கொதிச்சுப் போனாங்க?"

முழித்தான். பதில் அவன் ஒப்பித்த ஐந்தாவது வரியிலேயே இருந்தது!

அவன் மனசில் ஏறியது விஷயம் அல்ல, அட்டையின் வரிசை. அன்றைக்கு ராத்திரியே அந்த ஒரு ஸ்லைடை உடைக்க உட்கார்ந்தோம். அட்டைக்கு ஒரு கேள்வி, பின்பக்கம் ஒரே ஒரு பதில். இதுதான் சட்டம்.

முதலில் பெயர். 'விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்க வழி செய்த 1919-ம் வருஷத்துச் சட்டம் எது?' பின்பக்கம்: ரௌலட் சட்டம்.

அடுத்து தேதி. '1919-ல் நடந்தது என்ன?' என்று எழுதினான். கிழித்துப் போட்டேன். ரௌலட்டும் அந்த வருஷம்தான், ஜாலியன்வாலா பாக்கும் அந்த வருஷம்தான். இரண்டு பதில் வந்தால் அட்டை தப்பு. 'ஜாலியன்வாலா பாக் படுகொலை என்றைக்கு?' என்று மாற்றினோம். பதில்: 1919 ஏப்ரல் 13.

கஷ்டமானது காரணமும் விளைவும். இதற்கு மட்டும் ஒரு இணைப்புக்கு இரண்டு அட்டை. ஒன்று, 'ஏப்ரல் 10-ல் அமிர்தசரஸ் கொதித்தது ஏன்?' பதில்: தலைவர்கள் சத்யபால், கிச்லு இருவரையும் பிடித்து ஊரைவிட்டே அனுப்பியதால். இன்னொன்று, 'அவர்களைப் பிடித்ததும் ஊரில் என்ன ஆச்சு?' பதில்: கூட்டம் திரண்டது, துப்பாக்கிச் சூடு, கலவரம். போகவும் தெரியணும், திரும்பி வரவும் தெரியணும் சார்!

பிறகு மூன்று பிஸ்கட் டப்பா. புது அட்டை முதல் டப்பாவில், தினமும் பார்க்க. சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்கு, மூணு நாளுக்கு ஒருமுறை. அதிலும் சரி என்றால் மூன்றாவது, வாரம் ஒருமுறை. எங்கே தப்பினாலும் மறுபடி முதல் டப்பா. ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும். கேள்வியை முழுசாகப் படிக்காமலே பதில் வந்தால் உஷார்... அழுக்கு மூலையைப் பார்த்துச் சொல்கிறான் என்று அர்த்தம். கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றி எழுதிவிடணும்.

பத்தாம் நாள், ஏப்ரல் 10-ஐ முன்னும் பின்னுமாகத் தடுமாறாமல் சொன்னான். "மாமா, இது ஒப்பிக்கிற மாதிரியே இல்லை, கதை மாதிரி இருக்கு!"

பெருமையாக நிமிர்ந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "நம்ம கல்யாண நாள் என்னைக்கு, சொல்லுங்க பார்ப்போம்?"

நான் இப்போது முதல் டப்பாவில் இருக்கிறேன்.