எட்டு எலுமிச்சை சாதம் வராமல் இருக்க

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: "சித்திரை ஒண்ணாம் தேதி எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம். ஆளுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வாங்க." கைகூப்பும் படங்கள் இருபது விழுகின்றன. அன்று மொட்டை மாடி மேசையில் எலுமிச்சை சாதம் மட்டும் ஐந்து பாத்திரம். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, தட்டும் இல்லை.

இதற்குச் சமைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பண்டிகை நாளில் வீட்டுச் சமையலும் பார்த்துக்கொண்டு வெளியே ஒன்று கொண்டுபோக வேண்டுமென்றால், சீக்கிரம் முடிவதும் ஆறினாலும் கெடாததும்தான் எல்லோருக்கும் தோன்றும். செய்தி "ஏதாவது ஒன்று" என்று கேட்டது, எல்லோரும் அதே ஏதாவதைக் கொண்டு வந்துவிட்டார்கள். பாட்லக் விருந்தின் சமையல் இந்தச் செய்தியை எழுதும்போதே தொடங்கிவிடுகிறது என்பேன்.

பன்னிரண்டு வீடு, குழந்தைகளும் சேர்த்து நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் செய்தியில் பன்னிரண்டு காலி இடங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு இடமும் ஒரு வகை, அதற்கு ஓர் அளவு. அளவு சொல்லாவிட்டால் ஒருவர் நாலு பேருக்கான டிபன் டப்பாவோடு வருவார், இன்னொருவர் அண்டாவோடு வருவார். பக்க வகைகள் இருக்கும் விருந்தில் ஆளுக்கு நூறு கிராம் அரிசி தாராளம். நாற்பது பேருக்கு நான்கு கிலோ ஆகிறது. அதை நான்கு சாதமாகப் பிரித்தால் வீட்டுக்கு ஒரு கிலோ. வீட்டுக் குக்கரில் இரண்டு ஈடாக வடித்துவிடலாம். செய்தி இப்படி இருக்கலாம்:

"ஏப்ரல் 14, மதியம் 12.30, மொட்டை மாடி. சுமார் 40 பேர். முழுக்கச் சைவம், முட்டையும் வேண்டாம்.

1. புளிப்புச் சாதம் (எலுமிச்சை, புளி, மாங்காய், ஏதாவது ஒன்று) – 1 கிலோ அரிசி
2. சாம்பார் சாதம் – 1 கிலோ
3. தேங்காய் சாதம் அல்லது புலாவ் – 1 கிலோ
4. தயிர் சாதம் – 1 கிலோ
5. பொரியல் – 2 கிலோ காய்
6. கூட்டு – 2 கிலோ காய்
7. வடை – 45
8. பாயசம் – 4 லிட்டர்
9. மாங்காய்ப் பச்சடி – 1 லிட்டர்
10. அப்பளம், ஊறுகாய்
11. வாழை இலை 45, டம்ளர், தண்ணீர் கேன் 2
12. நீர்மோர் – 5 லிட்டர்

எண், வீட்டு எண், பண்டத்தின் பெயர் மூன்றையும் எழுதிப் பதில் போடுங்க. பட்டியலை நானே திருத்திப் போடறேன், யாரும் காப்பி பண்ணிப் போட வேண்டாம். ஒத்துக்கொள்ளாத உணவு இருந்தால் ஏப்ரல் 8-க்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்க. பட்டியல் 11-ஆம் தேதி இரவு மூடப்படும்."

பத்தும் பதினொன்றும் கடையில் வாங்கும் பொருள்கள். வேண்டுமென்றேதான் அவற்றைச் சேர்க்க வேண்டும். தனியாக இருக்கும் இளைஞர், முழங்கால் வலியுள்ள பெரியவர், அன்று காலை ஊரிலிருந்து திரும்புகிறவர் ஆகியோரும் கூச்சமில்லாமல் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வார்கள். இவை இல்லாத பட்டியலில் அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள், விருந்துக்கும் வர மாட்டார்கள்.

"காப்பி பண்ணாதீங்க" என்ற வரிக்கும் காரணம் உண்டு. பட்டியலை நகலெடுத்துத் தன் பெயரைச் சேர்த்து மறுபடி போடுவது நம் குழுக்களின் வழக்கம். காலை ஒன்பதரைக்கு இரண்டு பேர் ஒரே பழைய பட்டியலை எடுத்தால், பின்னால் போட்டவரின் பட்டியலில் முன்னவரின் பெயர் இருக்காது. அடுத்தவர் அதன்மேல் தன் பெயரைச் சேர்ப்பார். காணாமல் போன வடை மதியம் 12.30-க்குத்தான் தெரியவரும், அல்லது இரண்டு வடையாக வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி இருக்கிறதே என்பார்கள். அதில் ஒரே பண்டத்தை எத்தனை பேரும் தொடலாம், ஒருவர் எடுத்ததும் இடம் மூடாது. போட்ட செய்தியைத் திருத்தவும் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். ஆகவே ஒருவர் பொறுப்பேற்று, மாலைக்கு ஒரு தடவை புதுப் பட்டியலை நேரம் குறித்துப் போட்டு, பழையதை அழித்துவிடுவது நல்லது.

இனி சாப்பாட்டுக் கட்டுப்பாடுகள். "யாருக்காவது ஏதாவது ஆகாதா?" என்று குழுவில் கேட்டால் பதில் வராது. நோயைப் பற்றி ஐம்பது பேர் முன்னால் சொல்ல யாருக்கும் பிடிக்காது. அதனால்தான் தனியாகக் கேட்கிறோம். பதில் வந்ததும் ஒவ்வாமையா, விரதமா, வழக்கமா, வெறும் பிடிக்காமையா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். கத்தரிக்காய் பிடிக்காதவர் கூட்டைத் தாண்டிப் போய்விடுவார். வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நம் நாற்பது பேரில் மூன்று பதில்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம்: ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது, ஒரு ஜைனக் குடும்பம் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்காது, ஒருவருக்குக் கோதுமை ஆகாது. இதைக் கேட்டதும் எல்லாச் சமையலையும் மாற்றச் சொன்னால் பாதிப் பேர் விலகிக்கொள்வார்கள். முதலில் எந்த எண்களில் மாற்றம் தேவை என்று பார்க்கலாம்.

வேர்க்கடலை புளிப்புச் சாதத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த வீட்டிடம் கடலைப்பருப்பு போட்டு நல்லெண்ணெயில் தாளிக்கச் சொன்னால் போதும். வடை எந்த எண்ணெயில் பொரிகிறது என்றும் கேட்டுவிட வேண்டும். கோதுமை மறைந்திருக்கும் இடம் பலருக்கும் தெரியாது: கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அதனால் சாம்பார் சாதம்கூட அவருக்கு ஆகாது. சேமியாப் பாயசமும் அப்படியே, அதனால் பாசிப்பருப்புப் பாயசம் என்று எட்டாம் எண்ணிலேயே எழுதிவிடலாம். ஜைனக் குடும்பத்துக்குப் பச்சை இஞ்சியும் கிழங்கு வகைதான், சுக்கு பரவாயில்லை என்பார்கள். ஆக நாலாம் எண்காரரிடம் ஒரு வேண்டுகோள்: தயிர் சாதத்தில் இஞ்சி, பெருங்காயம் இரண்டும் வேண்டாம். அந்த ஒரு பாத்திரம் இரண்டு பேர் பிரச்சினையைத் தீர்க்கிறது. பொரியலை வாழைக்காயில் வெங்காயமும் பெருங்காயமும் இல்லாமல் செய்தால், இருவருக்கும் தொட்டுக்கொள்ளவும் ஒன்று ஆயிற்று.

பதினொன்றாம் தேதி இரவு போடும் கடைசிப் பட்டியலில் இது தெரிய வேண்டும். யாருக்காக என்று தெரிய வேண்டியதில்லை. "4. தயிர் சாதம் – பி3 (இஞ்சி, பெருங்காயம் இல்லை)" என்பது போதும். எல்லோரும் தங்கள் பண்டத்தில் வேர்க்கடலை, முந்திரி, பால், நெய், கோதுமை, வெங்காயம், பூண்டு இவற்றில் எது சேர்ந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். "ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கரண்டி" என்பதையும் மறக்க வேண்டாம். கடலை போட்ட சாதத்தைக் கிளறிய கரண்டி தயிர் சாதத்துக்குள் போனால் பட்டியல் போட்டதெல்லாம் வீண். நாற்பது பேர் பரபரப்பில் கரண்டி இடம் மாறாமல் இருக்காது என்பதால், அந்தக் குழந்தைக்கும் கோதுமை ஆகாதவருக்கும் பந்தி தொடங்கும் முன்பே இலையில் எடுத்து வைத்துவிடுவார்கள், விவரம் தெரிந்தவர்கள்.