நேற்று படித்தது செயலிக்குத் தெரியாது

திருக்குறளும் செய்தி வாசிப்பும் முடிந்ததும், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியை பேச வந்தார். ஏஐ செயலியை வைத்துப் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு அவர் சொன்னது இதுதான்: "நேற்று நீங்க எந்தக் கணக்குல தடுமாறினீங்கன்னு இன்னைக்கு அதுக்குத் தெரியாது. அதை நீங்கதான் எழுதி வைக்கணும்."

பல பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருந்தது. ஒரே உரையாடலுக்குள் பேசும்போது, முன்பு கேட்டதெல்லாம் நினைவில் இருப்பதுபோலத்தானே அது பதில் சொல்கிறது? உண்மையில், ஒவ்வொரு கேள்வியோடும் அதுவரை பேசியதையும் செயலி சேர்த்து அனுப்புகிறது. அவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் பதில் உருவாகிறது. மறுநாள் புதிய உரையாடலைத் திறந்தால் சேர்த்து அனுப்பப் பழைய பேச்சு இல்லை. நாம் பேசுவதைக் கேட்டு அது அன்றன்றே கற்றுக்கொள்வதும் இல்லை.

"பழைய உரையாடலையே தொடர்ந்தால்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தொடரலாம், ஆனால் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு எல்லை உண்டு. பேச்சு மிக நீண்டால் தொடக்கத்தில் சொன்னவை விடுபடலாம், அல்லது சுருங்கிப் போகலாம். சில செயலிகளில் நினைவக வசதி இருக்கிறது. எதைக் குறித்துக்கொள்வது என்பதைப் பெரும்பாலும் செயலியே முடிவு செய்கிறது. நீங்கள் தவறவிட்ட படி அதில் இருக்கும் என்று நம்ப முடியாது.

ஆசிரியை கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். x² − x − 12 என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். ஒரு மாணவன் (x − 3)(x + 4) என்று எழுதுகிறான். பெருக்கிப் பார்த்தால் x² + x − 12 வருகிறது. நடு உறுப்பின் குறி மாறிவிட்டது. செயலி திருத்திக் காட்ட, (x − 4)(x + 3) என்று போட்டு முடிக்கிறான். அடுத்த நாள் "பயிற்சிக் கணக்கு கொடு" என்று மட்டும் கேட்டால், அவன் சறுக்கிய இடம் தெரியாமல் ஏதோ பத்துக் கணக்குகள் வரும்.

நோட்டில் அவன் எழுத வேண்டியது மூன்றே வரி:

பாடம்: காரணிப்படுத்துதல்.
தவறு: பெருக்கல் −12 வந்ததும் நிறுத்திவிட்டேன், கூட்டல் −1 வருகிறதா என்று பார்க்கவில்லை.
அடுத்து: மாறிலி குறை எண்ணாக உள்ள ஐந்து கணக்குகள்.

மறுநாள் இந்த மூன்று வரியையும் முதலில் தட்டச்சு செய்தால், அவனுக்கு வேண்டிய பயிற்சி கிடைக்கும். வரும் விடையையும் பெருக்கிச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் செயலியும் தவறு செய்யும்.

செயலி எழுதித் தரும் சுருக்கத்தை அப்படியே ஒட்டி வைப்பது போதாது. எங்கே, ஏன் தவறினோம் என்று சொந்த வார்த்தையில் எழுதும்போதுதான் அது மனதில் பதியும். பெற்றோரே, இன்று பிள்ளை செயலியை மூடும் முன் அந்த மூன்று வரியை எழுதிவிட்டதா என்று கேளுங்கள்.