ஒரு x-ஐ மட்டும் பிரித்தெடுங்கள்

பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி தன் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். கேள்வி ∫ x³ e^(x²) dx. u = x³ என்றும் dv = e^(x²) dx என்றும் அழகாக எழுதியிருந்தாள். அடுத்து v = என்று எழுதியதோடு சரி, அதற்குக் கீழே பக்கம் வெறுமையாகக் கிடந்தது. "ஐலேட் விதிப்படிதானே சார் போட்டேன்?" என்று கேட்டாள். அவள் சொன்னது உண்மைதான். விதிப்படி போட்டதால்தான் மாட்டிக்கொண்டாள்.

பகுதித் தொகையிடல் என்பது வகையிடலின் பெருக்கல் விதியைத் திருப்பிப் போட்டதுதான்: ∫ u dv = uv − ∫ v du. பெருக்கலாக நிற்கும் இரண்டில் ஒன்றை வகையிடுகிறோம், மற்றதைத் தொகையிடுகிறோம். எதை வகையிடுவது என்பதற்கு நினைவில் நிற்கும்படி வந்ததுதான் ஐலேட். நேர்மாறு முக்கோணவியல், மடக்கை, இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி என்ற வரிசையில் முதலில் வருவதை u ஆக எடுக்க வேண்டும். ஹெர்பர்ட் கசூபே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983இல் எழுதிய ஒரு குறிப்பில், முதல் இரண்டும் இடம் மாறி, மடக்கை முன்னால் நிற்கும். அந்த இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்து வருவது அபூர்வம் என்பதால் வித்தியாசம் தெரிவதில்லை.

∫ x e^x dx போன்ற கணக்கில் இந்த விதி நன்றாகவே உழைக்கும். x-ஐ வகையிட்டால் 1 ஆகிவிடும், e^x-ஐத் தொகையிட்டால் அதுவே திரும்ப வரும். விடை (x − 1)e^x + c. மாற்றி u = e^x என்று எடுத்திருந்தால் x-க்குப் பதில் x²/2 வந்து உட்காரும். புதிதாக வரும் தொகையீடு பழையதைவிடக் கனத்திருந்தால் தேர்வு தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்த வரியை அடித்துவிட்டு u-வையும் dv-யையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

மாணவியின் கணக்கில் சிக்கல் வேறு. dv ஆக எடுப்பதை நம்மால் தொகையிட முடிய வேண்டும். ஐலேட் அதைக் கேட்பதே இல்லை. e^(x²)-ஐத் தனியாகத் தொகையிட்டு, நாம் படிக்கும் சார்புகளைக் கொண்டு விடை எழுத எவராலும் முடியாது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லியூவில் 19ஆம் நூற்றாண்டில் கண்ட தேற்றம் இதை நிறுவித் தருகிறது. அவள் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் v வந்திருக்காது.

அதனால் பகுதித் தொகையிடலில் கைவைக்கும் முன் அடுக்கின் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். இங்கே உள்ளே இருப்பது x². அதன் வகைக்கெழு 2x. வெளியே இருக்கும் x³-இல் அப்படி ஒரு x கிடைக்குமா? கிடைக்கும், x³ என்பது x² · x தானே. t = x² என்று பிரதியிட்டால் dt = 2x dx. பிரித்தெடுத்த அந்த ஒற்றை x, dx-உடன் சேர்ந்து dt/2 ஆகிவிடும். மிஞ்சிய x² t ஆகிவிடும். கணக்கு ½ ∫ t e^t dt என்று சுருங்குகிறது. இது மேலே பார்த்த பழைய கணக்கேதான். விடை ½(t − 1)e^t + c, அதாவது ½(x² − 1)e^(x²) + c.

பிரதியிடாமலும் போகலாம். u = x², dv = x e^(x²) dx என்று பிரித்தால் v = ½e^(x²) உடனே கிடைக்கும், விடையும் அதே. இரண்டு வழியிலும் சாவி அந்த ஒரு x-தான். வெளியே x³-க்குப் பதில் x² இருந்தால் ஒரு x-ஐ எடுத்த பின் மிஞ்சுவது x, அதாவது √t. அப்போது e^(x²)-இன் தொகையீடு மறுபடி வந்து வழியை மறிக்கும். அந்தக் கணக்குக்கு இப்படி ஒரு விடையே கிடையாது.

விடை சரியா என்று பார்க்க வகையிட்டால் போதும். ½[2x e^(x²) + (x² − 1) · 2x e^(x²)] என்பதில் x e^(x²)-ஐ வெளியே எடுத்தால் உள்ளே 1 + x² − 1 நிற்கும். அது x³ e^(x²).

இதே கணக்கை 0 முதல் 2 வரை என்று எல்லைகளோடு கேட்டால் இன்னொரு இடத்தில் மதிப்பெண் போகிறது. t-க்கு மாறிய பிறகும் பலர் 2 என்றே போடுகிறார்கள். x = 2 என்றால் t = 4. சரியான விடை ½(3e⁴ + 1), ஏறத்தாழ 82. எல்லையை மாற்றாதவர்களுக்கு வருவது ½(e² + 1), ஏறத்தாழ 4. இந்தத் தப்பை வரைபடம் போடாமலே பிடிக்கலாம். x = 1.5இல் சார்பின் மதிப்பே 32 இருக்கிறது, அதன் பின் ஏறிக்கொண்டேதான் போகிறது. 1.5இலிருந்து 2 வரையிலான அரை அலகு அகலத்துக்கே பரப்பு 16-ஐத் தாண்டிவிடும். 4 எப்படி வரும்? 0 முதல் 1 வரை என்று கேட்டிருந்தால் மட்டும் இந்தத் தப்பு வெளியே தெரியாது, ஏனென்றால் 0-வின் வர்க்கம் 0, 1-இன் வர்க்கம் 1.