சோப்பு எங்கே இருக்கு?

புதன்கிழமை காலை, தடுப்பூசி போடும் நாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக் கூடத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருபது தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊசி போட்ட ஒரு குழந்தை வீறிட, இன்னும் போடாத நான்கு குழந்தைகள் கூடச் சேர்ந்து அழுகின்றன. சுவரில் இருக்கும் டி.வி.யில் கை கழுவுவது பற்றி ஒரு படம் ஓடுகிறது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், "நோய்த்தொற்றைத் தவிர்க்க கைகளைத் தூய்மையாகக் கழுவுவது அவசியம்" என்கிறார். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் யார்தான் கை கழுவாமல் இருக்கிறார்கள்? சாப்பிடும் முன் கழுவுகிறோம், சாப்பிட்ட பின் கழுவுகிறோம், வெளிக்குப் போய்வந்தும் கழுவுகிறோம். "கை கழுவுங்கள்" என்று சொன்னால், "நாங்க என்ன கழுவாமயா இருக்கோம்?" என்றுதான் மனசு பதில் சொல்லும். விஷயம் கை கழுவுவதில் இல்லை, சோப்பில் இருக்கிறது. மீன் குழம்பு சாப்பிட்ட பிறகு வாடை போக சோப்பைத் தேடுகிற நாம், சாப்பிட உட்காரும்போது தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறோம். குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும் பல வீடுகளில் அதே கதைதான்.

தண்ணீருக்கும் சோப்புக்கும் அப்படி என்ன வித்தியாசம்? 2011-இல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்று இதை எளிமையாகச் சோதித்தது. இருபது பேரைப் பொது இடங்களில் கைப்பிடிகளையும் கம்பிகளையும் தொடவிட்டு, பிறகு அவர்கள் கையைப் பரிசோதித்தார்கள். கழுவாத கைகளில் 44 சதவீதத்தில் மலத்தில் வாழும் வகைக் கிருமி இருந்தது. வெறும் தண்ணீரில் கழுவியபோது அது 23 சதவீதமாகவும், சோப்பு போட்டபோது 8 சதவீதமாகவும் குறைந்தது. தண்ணீர் பாதி வேலைதான் செய்கிறது. தோலில் எப்போதும் இருக்கும் எண்ணெய்ப் பசையில் அழுக்கும் கிருமியும் ஒட்டிக்கொள்கின்றன; எண்ணெய் மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. சோப்பு அந்தப் பசையைப் பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்புகிறது.

ஆக, படம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: சோப்பு. அதை எப்படிச் சொல்வது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் 14 கிராமங்களில் 'சூப்பர் அம்மா' என்ற பெயரில் ஒரு முயற்சி நடந்தது. லண்டன் ஆராய்ச்சியாளர்களும் பெங்களூர்க்காரர்களும் சேர்ந்து நடத்திய இதன் முடிவு 2014-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. அந்தப் பிரசாரம் கிருமி, நோய் என்று பாடம் எடுக்கவில்லை. பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்த்து ஆளாக்கும் ஒரு தாயை அனிமேஷன் படத்தில் காட்டியது. கூடவே அசிங்கமான கையால் லட்டு பிடிக்கும் ஒரு கோமாளியையும் நாடகத்தில் இறக்கிவிட்டது. ஒரு பக்கம் தாய்ப்பாசம், மறுபக்கம் அருவருப்பு. பயமுறுத்தல் எங்கும் இல்லை.

பலனை அளந்த விதமும் கவனிக்க வேண்டியது. "சோப்பு போடுறீங்களா?" என்று கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அதனால் ஆட்கள் வீடுகளில் உட்கார்ந்து, நடப்பதைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். முக்கியமான தருணங்களில் சோப்பு போட்டுக் கழுவியது தொடக்கத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். ஆறு மாதம் கழித்து, பிரசாரம் நடந்த ஊர்களில் அது 37 ஆனது. நடக்காத ஊர்களில் 6. படம் ஒன்றால் மட்டும் வந்த பலன் இல்லை இது. நாடகம், ஊரார் முன்னிலையில் உறுதிமொழி என்று பலதும் சேர்ந்தன. அப்படியும் பத்துக்கு நான்கைத் தொடவில்லை. கூடத்தில் ஓடும் ஒன்றரை நிமிடப் படத்திடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு இது ஒரு அளவுகோல்.

இனி அந்தப் படத்தை எழுதிப் பார்ப்போம். மதுரைப் பக்கத்துக் கிராமம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி, யார் பேசுவது? டாக்டர் பேசினால் அறிவுரையாகிவிடும். மாமியார் மருமகளைத் திருத்துவதுபோல எழுதலாம் என்று தோன்றும். பார்க்கிற இளம்தாய்க்கு அது வீட்டில் கேட்கிற ஏச்சாகவே கேட்கும். அதனால் தாயே கண்டுபிடிக்கட்டும். கொல்லையில் கைக்குழந்தைக்குக் கால் கழுவிவிடுகிறாள். சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கையை அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மூத்தவளுக்கு இட்லி பிட்டு ஊட்ட உட்காருகிறாள். கை முகத்தருகே வரும்போது சட்டென்று நின்று, விரலை மோந்து பார்க்கிறாள். முகம் சுளிக்கிறது. இதுவரை ஒரு வார்த்தை இல்லை. கூடத்து இரைச்சலில் வசனம் காதில் விழாது என்பதால், படத்தின் உயிர் சத்தமில்லாமலே புரிய வேண்டும்.

அதன் பிறகுதான் பேச்சு:

"என்னத்தா, கையையே பாத்துக்கிட்டு இருக்க?"

"கழுவிட்டுத்தான் வந்தேன் அத்தை. இன்னும் வாடை போகல."

"சோப்பு போட்டியா?"

"பால் குடிக்கிற பிள்ளைதானேன்னு போடல."

"நானும் அப்பிடித்தான் இருந்தேன். பால் குடிக்கிற பிள்ளையா இருந்தாலும் பீ பீதானத்தா."

ஒரு இழை கூடினாலும் இது கெட்டுவிடும். 'நானும் அப்பிடித்தான்' என்ற சொல்லில் மாமியாரின் அதிகாரம் இறங்கிவிடுகிறது. 'பீ' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மலம்' என்று போடச் சொல்ல ஆள் வரும். ஆனால் மலம் என்று கேட்டு யாருக்கும் முகம் சுளிக்காது. வீட்டில் புழங்குகிற சொல்லுக்கு மட்டுமே அந்த வாடை உண்டு. கைக்குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் பரவலானது, அது தப்பு. அதில் இருக்கும் கிருமியும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். படத்தில் திருத்த வேண்டிய ஒரே அறிவு இதுதான்.

அடுத்து, கழுவும் காட்சி. ஆஸ்பத்திரியில் மாட்டியிருக்கும் படிப்படியான படத்தை அப்படியே கொண்டுவந்தால் யார் மனதிலும் நிற்காது. மூன்று இடம் போதும்: உள்ளங்கை, விரல் இடுக்கு, பிறகு எல்லோரும் மறந்துவிடும் கட்டைவிரலும் நகக்கண்ணும். "ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் எண்ணு" என்று மூத்தவளிடம் சொல்ல, அவள் எண்ணி முடிக்கும்வரை அம்மா தேய்க்கிறாள். இருபது விநாடி பார்ப்பவருக்கு நீளமாகத் தெரியும், வெட்டத் தோன்றும். வெட்டக் கூடாது, பழக வேண்டியது அந்த நேரம்தான். கடைசியில் முந்தானைக்குக் கை போகிறது, போன வேகத்தில் திரும்பிவிடுகிறது. கையை உதறிக் காற்றில் காயவிடுகிறாள். ஈரக்கையில் கிருமி சுலபமாக ஒட்டும், அழுக்குத் துணியில் துடைத்தால் கழுவியதும் வீண்.

இந்த இடத்தில் வித்தை காட்ட ஆசை வரும். மிளகுத்தூள் மிதக்கும் தண்ணீரில் சோப்பு விரலை வைத்தால் தூள் நாலாபக்கமும் ஓடும். கொரோனா காலத்தில் எல்லோர் போனிலும் வந்த வீடியோ அது. அங்கே ஓடுவது கிருமி இல்லை. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை சோப்பால் குறைவதுதான் அந்த விளையாட்டு. அதைப் பார்த்தவர், சோப்பைத் தொட்டாலே போதும், கிருமி ஓடிவிடும் என்று நினைத்துக்கொள்வார். மஞ்சள் பூசிக் காட்டலாமென்றால், சோப்பு பட்டதும் மஞ்சள் சிவந்துவிடும். பார்ப்பவர் கவனம் நிறத்தின் பின்னால் போய்விடும். காட்டியே ஆக வேண்டுமென்றால் எண்ணெய் தேய்த்த கையில் சட்டியடிக் கரியைப் பூசுங்கள். ஒரு கையைத் தண்ணீரில் மட்டும், மறு கையைச் சோப்பில் தேய்த்துக் கழுவுங்கள். பாத்திரம் துலக்கும் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இனிதான் படத்தின் முக்கியமான காட்சி. சோப்பு எங்கே இருக்கிறது? குளிக்கிற இடத்தில் மாடத்தில் இருக்கிறது. கால் கழுவிவிடுவதோ கொல்லையில். கையில் அசிங்கத்தோடு யார் உள்ளே போய் எடுப்பது? கொல்லையில் வைத்தால் காக்கா தூக்கிக்கொண்டு போய்விடும். இது சோம்பேறித்தனம் இல்லை, இடப் பிரச்சினை. அதனால் படத்தில் மாமியார் ஒரு பழைய வலைப்பையில் சோப்புத் துண்டைப் போட்டு, குழாயில் இறுகக் கட்டுகிறார். "இனி காக்கா வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்கிறார். கூடம் சிரித்தால் வேலை முடிந்தது.

சோப்பு வாங்கக் காசு இடித்தால் வங்கதேசத்தில் ஆராய்ந்து பார்த்த ஒரு வழி உண்டு. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் துணி துவைக்கும் பவுடரைக் கலக்கி, மூடியில் ஓட்டை போட்டுத் தொங்கவிடுவது. கையை நனைக்க, சோப்புநீராகவே வரும்.

எதைச் சொல்லக் கூடாது என்பதும் முக்கியம். "சோப்பு போட்டா பிள்ளைக்கு வயித்தால போகவே போகாது" என்ற வரி வேண்டாம். கை கழுவுவதை ஊக்குவித்தால் வயிற்றுப்போக்கு நூற்றுக்கு முப்பது அளவில் குறைகிறது என்பதுதான் இதுவரையான ஆய்வுகளின் கணக்கு. மிச்சம் குடிதண்ணீர், ஈ, திறந்து கிடக்கும் சோறு வழியாக வரும். சோப்பு போட்ட பிறகும் பிள்ளைக்கு ஒரு முறை பேதியானால், அந்தத் தாய் படத்தை மட்டுமல்ல, நர்சம்மா சொல்லும் எதையும் நம்பமாட்டாள்.

படம் முடிந்ததும் ஐந்தாறு தாய்மார்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரிந்தது என்பார்கள். "வீட்டுக்குப் போயி உங்க நாத்தனார்கிட்ட இந்தக் கதைய எப்பிடிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். சோப்பு என்ற சொல் அவர்கள் வாயில் வராவிட்டால் படத்தைத் திருத்த வேண்டும். டி.வி. இருக்கும் கூடத்துக் குழாயடியிலும் ஒரு சோப்பு தொங்கட்டும். அது இல்லாத இடத்தில் இந்தப் படம் ஓடினால், பார்க்கிறவர்களே கேட்டுவிடுவார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கிராம செவிலியர் வீட்டுக்குப் போகும்போது, கை கழுவுகிறீர்களா என்று கேட்க வேண்டாம். "பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டா நீங்க கை கழுவுற இடத்தைக் காட்டுங்கக்கா" என்றால் போதும். சோப்பைத் தேடி உள்ளே ஓடினால் ஒரு பதில். குழாயிலேயே வலைப்பை தொங்கி, அதைத் தொட்டுப் பார்த்தால் ஈரமாக இருந்தால் இன்னொரு பதில்.